டிவிடெண்டில் பிடித்த பத்து சதவீதமும் கட்ட வேண்டிய வரியும்

பங்கு வைத்திருப்பவர்களிடம் டிவிடெண்ட் வரியைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு பதில்கள் அடிக்கடி வருகின்றன. "கம்பெனியே பத்து சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருகிறது, அதோடு வரி முடிந்தது" என்பார் ஒருவர். "எனக்குப் பத்தாயிரத்துக்குள்தான் வந்தது, ஒன்றும் பிடிக்கவில்லை, அதனால் வரி கிடையாது" என்பார் இன்னொருவர். இரண்டுமே தவறு. டிடிஎஸ் என்பது வேறு, வரி என்பது வேறு. கம்பெனி பிடிப்பது நம் பெயரில் அரசிடம் முன்பணமாகச் சேரும் தொகை. நாம் கட்ட வேண்டிய வரியோ சம்பளம், வட்டி, வாடகை எல்லாவற்றோடும் டிவிடெண்டையும் கூட்டிய பிறகு வரும் மொத்த வருமானத்தைப் பொறுத்தது. இந்த வேறுபாடு பிடிபடாததால் சிலர் குறைவாகக் கட்டி நோட்டீஸ் வாங்குகிறார்கள். சிலர் திரும்ப வர வேண்டிய பணத்தைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது வகையினர்தான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறார்கள், ஏனென்றால் அவர்களில் பெரும்பாலோர் சிறு வருமானக்காரர்கள்.

இங்கே எடுத்துக்கொள்வது இந்தியாவில் குடியிருக்கும் தனிநபரையும், இந்தியக் கம்பெனிகளின் பங்குகளில் அவருக்கு வரும் டிவிடெண்டையும் மட்டும்தான். சொல்லும் தொகைகளும் விதிகளும் 2025-26 நிதியாண்டுக்கானவை. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி கணக்குப் பார்க்கும் கடைசி ஆண்டு அதுதான். 2026 ஏப்ரல் 1 முதல் ஈட்டும் வருமானத்துக்கு 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் வந்துவிடுகிறது.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் பழைய பழக்கம். 1997 ஜூன் முதல், இடையில் 2002-03 என்ற ஒரே ஒரு ஆண்டு தவிர, 2020 மார்ச் வரை டிவிடெண்ட் பங்குதாரர் கையில் பொதுவாக வரியில்லாத வருமானமாகவே இருந்தது. வரியைக் கம்பெனியே டிவிடெண்ட் விநியோக வரி என்ற பெயரில் கட்டிவிடும். அதன் கடைசிக் காலத்தில் சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்து, பங்குதாரருக்குத் தரும் 100 ரூபாய்க்கு மேல் 20.56 ரூபாயைக் கம்பெனி அரசுக்குச் செலுத்தியது. டிவிடெண்டுக்கென ஒதுக்கிய தொகையில் சுமார் 17 சதவீதம் இப்படிப் போனது. 2016-17 முதல், ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் டிவிடெண்ட் வாங்கும் தனிநபர் அந்த மிகுதிக்கு 10 சதவீதம் தனியாகக் கட்ட வேண்டியிருந்தது. மற்றவர்களுக்கு எந்த வேலையும் இல்லை. கணக்கில் பணம் விழும், அவ்வளவுதான்.

அந்த ஏற்பாட்டில் ஓர் அநீதி மறைந்திருந்தது. கோடீஸ்வரர் பங்கின் மீதும், வேறு வருமானமே இல்லாத விதவைத் தாயின் பங்கின் மீதும் விழுந்தது ஒரே 17 சதவீதம். கம்பெனியே கட்டிவிட்டதால், வரி வரம்புக்குள் வராதவரும் அதைத் திரும்பக் கேட்க வழியில்லை. 2020ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அந்த வரியை எடுத்துவிட்டு, டிவிடெண்டைப் பங்குதாரரின் வருமானத்தோடு சேர்த்தது. கம்பெனி லாபத்துக்கு ஏற்கெனவே வரி கட்டியிருக்க, அதே லாபத்துக்குப் பங்குதாரரும் கட்டுவது இரட்டை வரிதானே என்ற முறையீடு நியாயமானது. 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்குச் செஸ்ஸோடு 31.2 சதவீதம் போகிறது, பழைய 17 சதவீதத்தைவிட அது பெரிய சுமைதான். ஆனாலும் சிறு வருமானக்காரரின் பக்கம் நின்று பார்த்தால் புதிய முறையே சரி என்பது என் கருத்து. அவர் செய்ய வேண்டிய ஒரு வேலை மட்டும் கூடியிருக்கிறது. அதைச் செய்தால்தான் இந்த நியாயம் அவர் கைக்கு வந்து சேரும்.

இனி டிடிஎஸ். இதற்கான பிரிவு 194. ஒரு கம்பெனி ஒரு தனிநபருக்கு ஒரு நிதியாண்டில் தரும் டிவிடெண்ட் மொத்தம் 10,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிக்க வேண்டும். 2025 மார்ச் வரை இந்த வரம்பு 5,000 ரூபாயாக இருந்தது. குடியிருப்பவருக்குப் பிடிக்கும்போது இதன்மேல் சர்சார்ஜும் செஸ்ஸும் கிடையாது. பான் எண் இல்லாவிட்டாலோ, ஆதாரோடு இணைக்காமல் அது செயலிழந்திருந்தாலோ விகிதம் 20 ஆகிவிடும்.

வரம்பைப் படிக்கும்போது கவனிக்க வேண்டியது, அது ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனி என்பது. பத்துக் கம்பெனிகளிடமிருந்து ஒவ்வொன்றும் 9,000 ரூபாய் வந்தால் மொத்தம் 90,000. ஒரு பைசாகூட டிடிஎஸ் இருக்காது. ஆனால் 90,000 ரூபாயும் வருமானம்தான். பத்தாயிரம் என்பது கம்பெனிக்குச் சொல்லப்பட்ட வரம்பு. பங்குதாரருக்கு அப்படி ஒரு விலக்கை எந்தப் பிரிவும் தரவில்லை.

ஓர் உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். திருச்சியில் வேலை பார்க்கும் 38 வயதுப் பொறியாளர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுச் சம்பளம் 12,50,000 ரூபாய். புதிய வரிமுறையில் இருக்கிறார். நிலைக்கழிவு 75,000 போக 11,75,000. மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் 87ஏ பிரிவின் தள்ளுபடியால் வரி பூஜ்யம் ஆகிவிடும் என்பதால், அவருடைய அலுவலகம் சம்பளத்தில் எதுவும் பிடிப்பதில்லை.

அவரிடம் மூன்று கம்பெனிகளின் பங்குகள் இருக்கின்றன. முதல் கம்பெனி ஜூலையில் 6,000 ரூபாய் தருகிறது. வரம்புக்குள் இருப்பதால் முழுத்தொகையும் வங்கிக்கு வந்துவிடுகிறது. அக்டோபரில் இரண்டாவது கம்பெனி 9,500 தருகிறது, அதிலும் பிடித்தம் இல்லை. ஜனவரியில் முதல் கம்பெனி இடைக்கால டிவிடெண்டாக இன்னும் 8,000 தருகிறது. இப்போது அந்தக் கம்பெனியிலிருந்து ஆண்டு மொத்தம் 14,000 ஆகிவிட்டது. வரம்பைத் தாண்டியதும் முந்தைய தவணையையும் சேர்த்து முழு 14,000க்கும் 10 சதவீதம், அதாவது 1,400 ரூபாயைப் பிடிக்கிறார்கள். வங்கியில் விழுவது 6,600. "எட்டாயிரத்துக்கு எண்ணூறுதானே பிடிக்க வேண்டும்" என்று பலர் குழம்பும் இடம் இது. பிப்ரவரியில் மூன்றாவது கம்பெனி 16,500 தந்து 1,650 பிடித்துக்கொள்கிறது. கைக்கு 14,850 வருகிறது.

ஆக, டிவிடெண்ட் மொத்தம் 40,000. பிடித்த டிடிஎஸ் 3,050. வங்கிக்கு வந்தது 36,950.

வரிக் கணக்கில் எழுத வேண்டியது 40,000தான், வங்கிக்கு வந்த தொகையை அல்ல. அதைச் சேர்த்தால் மொத்த வருமானம் 12,15,000 ஆகிறது. 12 லட்சத்தைத் தாண்டியதும் தள்ளுபடி போய்விடுகிறது. அடுக்குப்படி போட்டால் 4 முதல் 8 லட்சம் வரைக்கு 20,000, 8 முதல் 12 லட்சம் வரைக்கு 40,000, மிச்சம் 15,000 ரூபாய்க்கு 15 சதவீத வீதத்தில் 2,250, ஆக 62,250 வரும். நல்லவேளையாக, 12 லட்சத்தைக் கொஞ்சமே தாண்டியவருக்குச் சட்டம் ஒரு நிவாரணம் வைத்திருக்கிறது. தாண்டிய தொகைக்கு மேல் வரி போகக் கூடாது. எனவே வரி 15,000. அதன்மேல் 4 சதவீதச் செஸ் 600 சேர்த்து 15,600.

நாற்பதாயிரம் டிவிடெண்டுக்கு 15,600 வரி! டிடிஎஸ்ஸாகப் போனது 3,050 மட்டும். மீதி 12,550 ரூபாயை அவரே கட்ட வேண்டும். "பத்து சதவீதம் பிடித்தாயிற்று" என்று இருந்துவிட்டால் எவ்வளவு பெரிய பள்ளம் விழும் என்பதற்கு இதைவிட வேறு கணக்கு வேண்டியதில்லை. இதே பொறியாளரின் சம்பளம் ஒரு லட்சம் குறைவாக இருந்திருந்தால் மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் நின்றிருக்கும். வரி பூஜ்யம், பிடித்த 3,050 ரூபாயும் ரிஃபண்டாக வந்திருக்கும். அதே டிவிடெண்ட், அதே டிடிஎஸ், வரி மட்டும் தலைகீழ்.

இந்த 12,550 ரூபாயை எப்போது கட்டுவது? டிடிஎஸ் போக ஆண்டு வரி 10,000 அல்லது அதற்கு மேல் வந்தால் அட்வான்ஸ் டாக்ஸ் கட்ட வேண்டும். ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15ஆம் தேதிகள் அதற்கான தவணைகள். எந்தக் கம்பெனி எப்போது எவ்வளவு டிவிடெண்ட் அறிவிக்கும் என்று ஜூனிலேயே யாராலும் சொல்ல முடியாது. இதை உணர்ந்துதான் 2021இல் 234சி பிரிவில் ஒரு சலுகை சேர்த்தார்கள். டிவிடெண்டால் வந்த குறைவுக்கு முந்தைய தவணைகளில் வட்டி இல்லை, வந்த பிறகு மிச்சமிருக்கும் தவணைகளில் கட்டினால் போதும், தவணை எதுவும் மிச்சமில்லாவிட்டால் மார்ச் 31க்குள் கட்டலாம். நம் பொறியாளரின் கணக்கில் ஜனவரி வரை மொத்த வருமானம் 11,98,500தான். வரியே இல்லை. பிப்ரவரியில் வந்த 16,500தான் கோட்டைத் தாண்ட வைத்தது. அவர் மார்ச் 15க்குள் 12,550 கட்டிவிட்டால் ஒரு ரூபாய் வட்டியும் கிடையாது. ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், 234பி பிரிவின்படி ஏப்ரலிலிருந்து மாதம் ஒரு சதவீதம் ஓடும். ஜூலையில் கட்டினால் அது மட்டுமே 500 ரூபாய், அதோடு 234சி வட்டியும் சேரும். அறுபது வயது நிறைந்த, தொழில் வருமானம் இல்லாத மூத்த குடிமக்களுக்கு அட்வான்ஸ் டாக்ஸ் கடமையே இல்லை.

இந்தத் தவணைக் காரணத்தால்தான் ரிட்டர்ன் படிவம் டிவிடெண்டை ஒரே தொகையாகக் கேட்காமல், ஜூன் 15 வரை, செப்டம்பர் 15 வரை என்று ஐந்து பகுதிகளாகப் பிரித்துக் கேட்கிறது. கடைசிப் பகுதி மார்ச் 16 முதல் 31 வரை. எல்லாவற்றையும் முதல் கட்டத்தில் போட்டுவிட்டால், டிவிடெண்ட் ஜூனிலேயே வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு கணினி வட்டி போட்டுவிடும். வட்டி ஏன் வந்தது என்று தெரியாமலே கட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

எந்த ஆண்டின் வருமானம் என்பதிலும் மார்ச் மாதம் ஒரு சிக்கல் உண்டு. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அறிவிக்கும் இறுதி டிவிடெண்ட் அறிவித்த ஆண்டின் வருமானம். இயக்குநர் குழு அறிவிக்கும் இடைக்கால டிவிடெண்டோ, பங்குதாரருக்கு நிபந்தனையின்றிக் கிடைக்கும்படி ஆன ஆண்டின் வருமானம். மார்ச் 25இல் அறிவித்து ஏப்ரல் 10இல் தந்த இடைக்கால டிவிடெண்ட் பொதுவாக அடுத்த ஆண்டுக் கணக்கில் வரும். படிவம் 26ஏஎஸ்ஸில் டிடிஎஸ் எந்த ஆண்டில் நிற்கிறது என்று பார்த்து, வருமானத்தையும் அதே ஆண்டில் காட்டுவது சண்டையைத் தவிர்க்கும் வழி.

வரித்துறைக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைக்க இனி இடமில்லை. டிடிஎஸ் பிடித்த டிவிடெண்ட் 26ஏஎஸ்ஸில் இருக்கும். பிடிக்காததையும் கம்பெனிகள் தனி அறிக்கையாகத் தருகின்றன, அது ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையில் வந்துவிடுகிறது. நம் உதாரணத்தின் இரண்டாவது கம்பெனியின் 9,500 ரூபாயும் அங்கே இருக்கும். ரிட்டர்னைத் திறக்கும் முன் ஏஐஎஸ்ஸை இறக்கி, வங்கி ஸ்டேட்மென்ட்டோடு வரிவரியாக ஒப்பிடுவதுதான் இதில் செய்யக்கூடிய உருப்படியான ஒரே வேலை. ஏஐஎஸ்ஸிலும் பிழை வரும். ஒரே டிவிடெண்ட் டிடிஎஸ் தகவலாக ஒருமுறையும் கம்பெனி அறிக்கையாக இன்னொரு முறையும் தெரியலாம். இரண்டையும் கூட்டிவிட்டால் வாங்காத பணத்துக்கு வரி கட்ட நேரும். அந்தப் பதிவுக்கு எதிரிலேயே "இது இரட்டைப் பதிவு" என்று மறுமொழி தரும் வசதி இருக்கிறது.

எழுதும் தொகை பிடித்தத்துக்கு முந்தைய முழுத்தொகையா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபச் சோதனை உண்டு. ஒரு கம்பெனியின் டிடிஎஸ்ஸைப் பத்தால் பெருக்கினால் அந்தக் கம்பெனியின் டிவிடெண்ட் வர வேண்டும். 1,650க்கு 16,500. உங்கள் பட்டியலில் 14,850 என்று இருந்தால் வங்கித் தொகையை எழுதிவிட்டீர்கள் என்று பொருள்.

செலவைக் கழிக்க இடம் மிகக் குறைவு. பங்கு வாங்கக் கடன் பெற்றிருந்தால் அதன் வட்டியை மட்டும், அதுவும் டிவிடெண்டில் 20 சதவீதத்துக்கு மேல் போகாமல் கழிக்கலாம். தரகு, டீமேட் கட்டணம், ஆலோசனைக் கட்டணம் எதையும் கழிக்க முடியாது. நம் பொறியாளர் 10,000 ரூபாய் வட்டி கட்டியிருந்தாலும் கழிவு 8,000தான். ஆனால் அந்த 8,000 அவருடைய மொத்த வருமானத்தை 12,07,000க்கு இறக்கி, வரியை 7,280 ஆக்கிவிடும். கோட்டுக்கு அருகில் நிற்பவருக்குச் சிறு கழிவும் பெரிய வித்தியாசம்.

இப்போது மறுபக்கம். வரியே வராதவரிடமும் கம்பெனி பத்து சதவீதம் பிடிக்கும், ஏனென்றால் அவருடைய மற்ற வருமானம் கம்பெனிக்குத் தெரியாது. கணவர் விட்டுச்சென்ற பங்குகளிலிருந்து ஆண்டுக்கு 2 லட்சம் டிவிடெண்ட் வரும் 55 வயதுப் பெண்மணியை நினைத்துப் பாருங்கள். வேறு வருமானம் இல்லை. பெரும்பகுதி இரண்டு மூன்று கம்பெனிகளிலிருந்து வந்தால் 20,000 ரூபாய் வரை டிடிஎஸ்ஸாகப் போகும். அவருக்கு அது ஒரு மாத வீட்டுச் செலவு.

இதைத் தடுக்கத்தான் படிவம் 15ஜி. அறுபது வயது ஆனவர்களுக்கு 15எச். "என் மொத்த வருமானத்துக்கு வரி பூஜ்யம்" என்று பங்குதாரர் தரும் உறுதிமொழி அது. 15ஜி தருபவருக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: டிவிடெண்ட், வட்டி போன்ற வருமானங்களின் கூட்டுத்தொகை அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டக் கூடாது. புதிய முறையில் அந்த வரம்பு 4 லட்சம். 15எச்சுக்கு இந்த இரண்டாவது நிபந்தனை இல்லை, 87ஏ தள்ளுபடிக்குப் பிறகு வரி பூஜ்யம் என்றால் தரலாம். வரி வரும் என்று தெரிந்தே பொய்யாகத் தருவது தண்டனைக்குரிய குற்றம்.

நடைமுறையில் சிரமம் எங்கே என்றால், வங்கியில் தருவதுபோல ஒரே இடத்தில் இதைத் தந்துவிட முடியாது. ஒவ்வொரு கம்பெனிக்கும், ஒவ்வொரு நிதியாண்டும் தனித்தனியாகத் தர வேண்டும். கம்பெனிகளின் பங்குப் பதிவேட்டைப் பராமரிக்கும் கேஃபின் டெக்னாலஜீஸ், எம்யூஎஃப்ஜி இன்டைம், சென்னையின் கேமியோ போன்ற பதிவாளர்களின் தளங்களில் படிவத்தைப் பதிவேற்ற வேண்டும். டிவிடெண்டுக்கான ரெக்கார்டு தேதியை ஒட்டிக் கம்பெனி ஒரு மின்னஞ்சல் அனுப்பும். அதில் கடைசித் தேதி இருக்கும். நீண்ட ஆங்கிலக் கடிதம் என்று அதைத் திறக்காமலே விட்டுவிடுகிறார்கள். டீமேட் கணக்கில் இறந்துபோன கணவரின் மின்னஞ்சலோ, பழைய கைப்பேசி எண்ணோ இருந்தால் அது வந்து சேரவும் சேராது. வீட்டில் பெரியவர்களின் பங்குகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் முதலில் சரிபார்க்க வேண்டியது இதைத்தான்.

தேதி தவறிவிட்டால் பணம் போய்விடவில்லை. ரிட்டர்ன் போட்டால் முழுதும் திரும்ப வரும், கெடுவுக்குள் போட்டிருந்தால் ஏப்ரல் 1 முதல் மாதம் அரை சதவீத வட்டியோடு. வரி வரம்புக்குள் வராதவர் ரிட்டர்ன் போடக் கடமைப்பட்டவர் அல்ல என்பது உண்மை. ஆனால் போடாதவருக்கு ரிஃபண்ட் இல்லை. 20,000 ரூபாய் ஆண்டுதோறும் இப்படி நின்றுபோகும் குடும்பங்கள் இருப்பது உண்மையாகவே வருத்தம் தருகிறது, ஏனென்றால் சட்டம் அந்தப் பணத்தை அவர்களுடையது என்றே சொல்கிறது.

மனைவி பெயரில் பங்கு இருந்தாலே வருமானமும் அவருடையது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கணவர் கொடுத்த பணத்தில் வாங்கிய பங்கு என்றால் அதன் டிவிடெண்டைக் கணவரின் வருமானத்தில்தான் சேர்க்க வேண்டும். அந்தப் பங்குக்கு மனைவி 15ஜி தருவது தவறாகப் போய் முடியும். அவருடைய சொந்தச் சம்பாத்தியத்திலோ, பெற்றோர் தந்ததிலோ வாங்கியது என்றால் சிக்கலில்லை.

இன்னொரு வகைச் சிக்கல், கம்பெனி பிடித்திருக்கிறது ஆனால் 26ஏஎஸ்ஸில் காணோம் என்பது. காலாண்டு டிடிஎஸ் அறிக்கையைக் கம்பெனி தாக்கல் செய்த பிறகுதான் அது தெரியும். ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டுக்குக் கெடு மே 31 என்பதால், ஏப்ரலிலேயே தேடிக் கவலைப்பட வேண்டாம். ஜூன் பாதிக்குப் பிறகும் இல்லையென்றால் பதிவாளருக்கு எழுதி, படிவம் 16ஏ கேட்க வேண்டும். பான் எண் தவறாகப் போயிருந்தால் கம்பெனிதான் திருத்த அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். பிடித்த வரியைக் கம்பெனி கட்டாமல் விட்டாலும் அதே தொகையை நம்மிடம் மறுபடி கேட்கக் கூடாது என்று 205ஆவது பிரிவு சொல்கிறது. அதை நிரூபிக்க டிவிடெண்ட் அறிவிப்புத் தாளும் குறைவாக வரவான வங்கிப் பதிவும் கையில் வேண்டும்.

விட்டுப்போன டிவிடெண்டைப் பிறகு சேர்ப்பதற்கும் வழி உண்டு, விலைதான் கூடும். நம் பொறியாளர் பிடித்தம் இல்லாத அந்த 9,500ஐ மறந்து ரிட்டர்ன் போட்டார் என்றால், அவர் காட்டிய வருமானம் 12,05,500, வரி 5,720. உண்மையான வரியோடு வித்தியாசம் 9,880 ரூபாய். திருத்திய ரிட்டர்னுக்கான கெடுவுக்குள் கவனித்தால் வரியும் வட்டியும் கட்டி முடித்துக்கொள்ளலாம். அதுவும் தாண்டிவிட்டால் புதுப்பித்த ரிட்டர்ன் போட வேண்டும். மதிப்பீட்டு ஆண்டு முடிந்த 12 மாதத்துக்குள் என்றால் வரி, வட்டி இரண்டின் மேலும் 25 சதவீதம் கூடுதல், இரண்டாம் ஆண்டில் 50, மூன்றாம் ஆண்டில் 60, நான்காம் ஆண்டில் 70. இந்த வழி குறைவாகக் கட்டியவருக்கு மட்டுமே. ரிஃபண்ட் கேட்க மறந்த பெண்மணி இதன் வழியாகத் தன் 20,000 ரூபாயைக் கேட்க முடியாது. தாமத மன்னிப்பு கோரி வருமான வரி ஆணையருக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.